கட்டிய பிரீமியமும் கைக்கு வரும் சரண்டர் மதிப்பும்

ஆயுள் இன்ஷூரன்ஸ் கணிதத்தின் ஆரம்பத் தாளில் மூன்று வினாக்கள் மாறி மாறி இடம்பெறுகின்றன. நிகர பிரீமியத்தைக் கணக்கிடுக என்பது முதல் வினா. செலவுகளுக்கான மேற்சுமையைச் சேர்த்து, பாலிஸிதாரரிடம் வசூலிக்கவேண்டிய அலுவலக பிரீமியத்தைக் காண்க என்பது இரண்டாவது. சில ஆண்டுகள் கட்டியபின் பாலிஸியை விட்டு விலகுபவருக்குரிய சரண்டர் மதிப்பு யாது என்பது மூன்றாவது. மாணவர் பலர் இவற்றை மூன்று தனிப் பாடங்களாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்கின்றனர். உண்மையில் இவை மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்களே. முதற் பக்கத்தில் எழுதியது எதுவோ அதுவே கடைசிப் பக்கத்தில் சரண்டர் மதிப்பாக வந்து நிற்கிறது.

இதை உணராமையால் விளையும் துன்பம் தேர்வு மண்டபத்தோடு முடிவதில்லை. இரண்டு ஆண்டுகள் பிரீமியம் கட்டியவர் கஷ்ட காலத்தில் பாலிஸியைக் கொண்டுவந்து நீட்டும்போது, கட்டியதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று கள ஊழியர் சொல்ல நேர்கிறது. ஏன் என்று கேட்டால், "இதுவரை உங்கள் உயிருக்குப் பாதுகாப்பு இருந்ததல்லவா, அதற்கு ஆன செலவு" என்பதே வழக்கமான பதில். எண்டோமெண்ட் பாலிஸியைப் பொறுத்தவரை இந்தப் பதில் பெரும்பாலும் தவறானது. பணம் வேறிடத்திற்குச் சென்றிருக்கிறது. எங்கே சென்றது என்பதை ஒரு சிறிய கணக்கைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை செய்து பார்த்தால் தெளிவாகும்.

நிகர பிரீமியம்

ஒரே வயதுடைய 1,000 பேர் ஒரே நாளில் ஆளுக்கு ரூ. 1,000 காப்புத் தொகைக்கு ஐந்தாண்டு எண்டோமெண்ட் பாலிஸி எடுப்பதாகக் கொள்ளலாம். ஐந்தாண்டுக்குள் இறப்பவரின் குடும்பத்திற்கு அந்த ஆண்டின் முடிவில் ரூ. 1,000 கிடைக்கும், உயிரோடிருப்பவருக்கு ஐந்தாம் ஆண்டின் முடிவில் அதே தொகை கிடைக்கும். இறப்பு அட்டவணைப்படி முதலாண்டில் 10 பேரும், அடுத்த ஆண்டுகளில் முறையே 11, 12, 13, 14 பேரும் இறப்பர் என்க. அப்படியாயின் ஒவ்வோராண்டின் தொடக்கத்திலும் பிரீமியம் கட்டுவோர் 1,000, 990, 979, 967, 954 பேர்; முதிர்வில் எஞ்சுபவர் 940 பேர். வட்டி ஆண்டுக்கு 5 சதவிகிதம். (கணக்கு விளங்கவேண்டும் என்பதற்காக இறப்பு எண்கள் பெரிதாக வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் 2012–14 ஆண்டுகளின் அனுபவத்தைக் கொண்டு அமைக்கப்பட்ட அட்டவணையில், 30 வயதினருள் ஓராண்டில் இறப்பவர் ஆயிரத்துக்கு ஒருவரினும் சற்றுக் குறைவே.)

நிகர பிரீமியம் என்பது செலவு, இலாபம் எதையும் கருதாமல், வரவேண்டிய பிரீமியங்களின் இன்றைய மதிப்பும் கொடுக்கவேண்டிய தொகைகளின் இன்றைய மதிப்பும் சமமாகும்படி அமைந்த பிரீமியம். ஓராண்டு கழித்துக் கிடைக்கும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 5 சதவிகித வட்டியில் 0.95238 ரூபாய், இரண்டாண்டு கழித்து 0.90703, பின்னர் 0.86384, 0.82270, 0.78353 எனக் குறைந்துகொண்டே போகும். இறப்புத் தொகைகளை அந்தந்த ஆண்டின் மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் ரூ. 51,532 வருகிறது. முதிர்வில் 940 பேருக்குக் கொடுக்கவேண்டிய தொகையின் இன்றைய மதிப்பு ரூ. 7,36,518. இரண்டும் சேர்ந்து ரூ. 7,88,050.

வரவுப் பக்கத்தில், ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டினால் அதன் இன்றைய மதிப்பு ரூ. 4,451.03. இங்கே முதல் தவணையாகிய 1,000 ரூபாய் வட்டிக்கழிவு எதுவுமின்றி முழுதாக நிற்கும் என்பதை மறத்தலாகாது. பிரீமியம் முன்பணம்; இறப்புத் தொகை பின்பணம். இரண்டையும் ஆண்டின் முடிவில் வைத்துக் கணக்கிடும் மாணவருக்கு ரூ. 188.19 என்ற விடை வரும். சரியான விடை 7,88,050-ஐ 4,451.03-ஆல் வகுக்கக் கிடைக்கும் ரூ. 177.05.

இந்த 177.05 ரூபாயை உடனே இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. தேர்வில் கேட்காவிட்டாலும் பிரித்துப் பார்க்கவேண்டும். இறப்புத் தொகைக்கான 51,532-ஐ மட்டும் 4,451.03-ஆல் வகுத்தால் ரூ. 11.58. முதிர்வுத் தொகைக்கானது ரூ. 165.47. அதாவது உயிர்ப் பாதுகாப்புக்காக ஆண்டொன்றுக்கு ஒருவர் கொடுப்பது பன்னிரண்டு ரூபாய்கூட இல்லை. மீதி முழுவதும் சேமிப்பு. இறப்பு எண்களை இவ்வளவு பெரிதாக வைத்தும் இந்த நிலை.

ஒதுக்கு நிதி

இனி நிதி எவ்வாறு வளர்கிறது என்பதைக் காணலாம். முதலாண்டுத் தொடக்கத்தில் 1,000 பேர் கட்டியது ரூ. 1,77,050. ஓராண்டு வட்டியோடு அது ரூ. 1,85,902.50 ஆகிறது. இறந்த 10 பேருக்கு ரூ. 10,000 கொடுத்தபின் ரூ. 1,75,902.50 எஞ்சும். இதனை உயிரோடுள்ள 990 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ரூ. 177.68. இரண்டாமாண்டில் 990 பேர் கட்டும் ரூ. 1,75,279.50 சேர்ந்து, வட்டியும் சேர்ந்து, 11 பேருக்குக் கொடுத்தபின் ரூ. 3,57,741.10 நிற்கிறது. 979 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ரூ. 365.41.

இங்கே 979-க்குப் பதிலாக 1,000-ஆல் வகுத்து ரூ. 357.74 என்று எழுதுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு உரியது கொடுக்கப்பட்டுவிட்டது. நிதியில் அவர்களுக்கு இனிப் பங்கில்லை. பின்னோக்கிச் செய்த இந்தக் கணக்கை முன்னோக்கியும் சரிபார்க்கலாம். இரண்டாமாண்டின் முடிவில் ஒருவருக்கு இனிக் கொடுக்கவேண்டியதன் மதிப்பு ரூ. 865.50, அவரிடமிருந்து இனி வரவேண்டிய மூன்று நிகர பிரீமியங்களின் மதிப்பு ரூ. 500.09, வித்தியாசம் ரூ. 365.41. இவ்விரு விடைகளும் ஒவ்வாவிடில் எங்கோ பிழை உள்ளது என்று கொள்ளலாம்.

இப்போது வியப்புக்குரிய ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டாண்டில் ஒருவர் கட்டிய நிகர பிரீமியம் ரூ. 354.10. அவர் பெயரில் நிற்பதோ ரூ. 365.41. இறந்த 21 பேருக்கும் கொடுத்தபின்பும் நிதி கட்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. வட்டி வரவு, பாதுகாப்புச் செலவை ஈடுகட்டிவிட்டு மேலும் பதினோரு ரூபாயைத் தந்திருக்கிறது. ஆகவே, சரண்டர் செய்பவருக்குக் குறைவாகக் கிடைப்பதற்குப் பாதுகாப்புச் செலவே காரணம் என்ற பதில் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

மேற்சுமை

நிகர பிரீமியத்தைக் கொண்டு எந்த நிறுவனமும் நடவாது. ஏஜெண்டுக் கமிஷன், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம், பாலிஸிப் பத்திரம், அலுவலகச் செலவு ஆகியவற்றிற்காக நிகர பிரீமியத்தின்மேல் ஏற்றப்படும் தொகையே மேற்சுமை. தொழிலில் இதனை லோடிங் என்பர். இச்செலவுகள் ஆண்டுதோறும் ஒரே சீராக வருவதில்லை என்பதே இக்கணக்கின் உயிர்நாடி. பாலிஸி பிறக்கும் ஆண்டில் செலவு குவிகிறது. பின்னர் மிகவும் குறைந்துவிடுகிறது.

எடுத்துக்கொண்ட உதாரணத்தில், முதலாண்டுச் செலவு அலுவலக பிரீமியத்தில் 25 சதவிகிதமும் பாலிஸி ஒன்றுக்கு ரூ. 10-உம் என்க. அடுத்த ஆண்டுகளில் பிரீமியத்தில் 5 சதவிகிதமும் ரூ. 2-உம். கேட்கப்படும் அலுவலக பிரீமியத்தைத் தெரியாத தொகையாக வைத்துக்கொண்டு சமன்பாடு எழுதவேண்டும். ஒருவர் கட்டும் பிரீமியத்தின் இன்றைய மதிப்பு 4.45103 மடங்கு. அதிலிருந்து முதலாண்டுக் கமிஷனுக்காக 0.25 மடங்கும், அடுத்த நான்கு ஆண்டுகளுக்காக 5 சதவிகிதத்தை 3.45103-ஆல் பெருக்க வரும் 0.17255 மடங்கும் கழிந்தால் 4.02848 மடங்கு எஞ்சும். அது ஈடுசெய்யவேண்டியது, கொடுக்கவேண்டிய தொகையின் மதிப்பு ரூ. 788.05, முதற் செலவு ரூ. 10, பிற்காலச் செலவின் மதிப்பு ரூ. 6.90. இவற்றின் கூட்டுத்தொகை ரூ. 804.95. வகுத்தால் அலுவலக பிரீமியம் ரூ. 199.82. மேற்சுமை ரூ. 22.77.

எளிய வினாக்களில், "மேற்சுமை அலுவலக பிரீமியத்தில் 10 சதவிகிதம்" என்று மட்டும் கொடுத்திருப்பார்கள். நிகர பிரீமியம் ரூ. 180 என்றால் 18-ஐக் கூட்டி 198 என்று எழுதிவிடுவோர் பலர். 198-இல் 10 சதவிகிதமாகிய 19.80-ஐச் செலவுக்கு எடுத்தால் எஞ்சுவது 178.20, நிகர பிரீமியத்திற்கு ரூ. 1.80 பற்றாக்குறை. சரியான வழி 180-ஐ 0.90-ஆல் வகுப்பது, விடை ரூ. 200. சதவிகிதம் எதன்மேல் என்பதை வினாவில் கோடிட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே ஊட்டிவிடுவது நன்று.

இனி முதலாண்டுச் செலவைத் தொகையாகவே பார்க்கலாம். 199.82-இல் கால் பங்கு ரூ. 49.96, பத்து ரூபாயும் சேர்த்து ரூ. 59.96. ஆனால் அந்த ஆண்டு மேற்சுமையாக வசூலானது ரூ. 22.77 மட்டுமே. மீதி ரூ. 37.19 எங்கிருந்து வந்தது? பாலிஸியின் சொந்த நிதியிலிருந்து முன்கூட்டி எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் செலவு ரூ. 11.99, மேற்சுமை அதே ரூ. 22.77. இவ்வாறு ஆண்டுதோறும் மிஞ்சும் ரூ. 10.78-ஐக் கொண்டு அந்தக் கடன் சிறிது சிறிதாகத் திருப்பியடைக்கப்படுகிறது. 10.78-ஐ 3.45103-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 37.20, கடனும் தவணையும் பொருந்துகின்றன. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்குச் சரண்டர் மதிப்பில் தெரியவேண்டியதில் பாதி தெரிந்தாயிற்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் ஸில்மர் 1863-இல் விளக்கிய ஒதுக்கு நிதி முறையும் இக்கடனைக் கணக்கில் கொள்வதற்காக எழுந்ததே.

இரண்டாண்டில் விலகுபவர்

முன்போலவே நிதியைக் கட்டிப் பார்க்கலாம். ஆனால் இம்முறை உண்மையான பிரீமியத்தையும் உண்மையான செலவையும் கொண்டு. முதலாண்டில் செலவு போக ஆளுக்கு எஞ்சுவது ரூ. 139.86, 1,000 பேருக்கு ரூ. 1,39,860. வட்டி சேர்த்து, இறந்தவருக்குக் கொடுத்தபின் ரூ. 1,36,853. 990 பேரில் ஆளுக்கு ரூ. 138.24. இதே முறையில் ஐந்தாண்டும் சென்றால் கீழ்க்கண்ட நிலை கிடைக்கும். தொகைகள் ஆளொன்றுக்கு, ஆண்டு முடிவில், ரூபாயில் தரப்பட்டுள்ளன.

| ஆண்டு | கட்டிய மொத்தம் | நிகர ஒதுக்கு நிதி | நிதியில் உண்மைப் பங்கு |
|---|---|---|---|
| 1 | 199.82 | 177.68 | 138.24 |
| 2 | 399.64 | 365.41 | 334.98 |
| 3 | 599.46 | 564.25 | 543.35 |
| 4 | 799.28 | 775.34 | 764.58 |
| 5 | 999.10 | 1,000 | 1,000 |

கடைசி வரியில் இரு பத்திகளும் 1,000-இல் வந்து சேர்வதே கணக்கின் சோதனை. சேராவிட்டால் முன்வரிகளை நம்பவேண்டாம்.

இரண்டாமாண்டு வரியை எடுத்துக்கொண்டு, கட்டிய 399.64 ரூபாய் எவ்வாறு 334.98 ஆயிற்று என்று பார்க்கலாம். அதில் நிகர பிரீமியம் 354.10, அது பாதுகாப்பு அளித்தபின்னும் 365.41-ஆக வளர்ந்தது. மேற்சுமையாகச் சென்றது இரண்டாண்டுக்கும் ரூ. 45.54, அது செலவாகிவிட்டது. இவற்றிற்கு மேலாக, முதலாண்டில் எடுத்த கடனில் இன்னும் அடையாமல் நிற்பது ரூ. 30.43. 365.41-இல் அதைக் கழித்தால் 334.98. பாலிஸிதாரர் இழந்த ஏறக்குறைய 65 ரூபாயில் பாதுகாப்புக்கென ஒரு காசும் இல்லை. அனைத்தும் செலவின் பங்கு, அதிலும் பெரும்பகுதி முதலாண்டுச் செலவு.

"நிகர ஒதுக்கு நிதி முழுவதையும் கொடுத்துவிட்டால் என்ன?" என்று வகுப்பில் ஒருவர் கேட்பது திண்ணம். கேட்கவேண்டிய கேள்வியே. 979 பேரில் 200 பேர் இரண்டாமாண்டு முடிவில் விலகி, ஆளுக்கு ரூ. 365.41 பெற்றுச் செல்வதாகக் கொள்ளலாம். அவர்கள் உண்மைப் பங்குக்கு மேல் ஆளுக்கு ரூ. 30.43 கொண்டுபோகின்றனர், மொத்தம் ரூ. 6,086. இதை நிரப்பவேண்டியவர்கள் எஞ்சியிருக்கும் 779 பேர், ஆளுக்கு ரூ. 7.81. தவறாமல் கட்டிவருபவர்கள், விலகியவர்களின் ஏஜெண்டுக் கமிஷனைச் சுமப்பதாக முடியும். மாறாக, 334.98-க்கு மிகக் குறைவாகக் கொடுத்தால், விலகுபவரின் சேமிப்பு மற்றவர் கைக்குப் போய்விடும். நியாயமான சரண்டர் மதிப்பு உண்மைப் பங்கை ஒட்டி நிற்கவேண்டும் என்பதன் காரணம் இதுவே. நடைமுறையில் அதற்குச் சற்றுக் கீழே வைப்பதற்கும் காரணங்கள் உண்டு. விலகலுக்கும் ஓர் அலுவல் செலவு உண்டு. கூட்டமாக விலகும்போது முதலீடுகளை விலை குறைந்த நேரத்தில் விற்க நேரலாம். நல்ல உடல்நலமுள்ளவர்கள் எளிதில் விலகிப்போக, நோயாளிகள் பாலிஸியை விடாமல் வைத்துக்கொள்வர். எஞ்சுபவரின் இறப்பு விகிதம் அட்டவணையைவிட உயரும்.

பாதுகாப்புச் செலவு என்ற பதில் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. முதிர்வுத் தொகை இல்லாத டெர்ம் பாலிஸியே அது. இதே அட்டவணையில் அதன் நிகர பிரீமியம் முன்பு கண்ட ரூ. 11.58. இரண்டாண்டில் கட்டியது ரூ. 23.16; இரண்டாண்டு முடிவில் ஒதுக்கு நிதி ரூ. 3.38 மட்டுமே. மற்றதெல்லாம் இறந்த 21 பேரின் குடும்பத்திற்குச் சென்றுவிட்டது. இந்தச் சிறுதொகையிலிருந்து முதற் செலவுக் கடனையும் கழிக்கவேண்டியிருப்பதால், இத்தகைய பாலிஸிகளுக்குப் பொதுவாகச் சரண்டர் மதிப்பு வைப்பதில்லை.

தேர்வில் வரும் வடிவம்

தேர்வுத் தாளில் நிதியை ஆண்டாண்டாகக் கட்டச் சொல்லுவது அரிது. பெரும்பாலும் நடைமுறை விதிகளைக் கொண்டே வினா அமையும். ஒரு மாதிரி வருமாறு: காப்புத் தொகை ரூ. 50,000, காலம் 20 ஆண்டு, ஆண்டு பிரீமியம் ரூ. 2,500, எட்டாண்டு கட்டப்பட்டுள்ளது, சேர்ந்துள்ள போனஸ் ரூ. 16,000; உத்தரவாதச் சரண்டர் மதிப்பு, முதலாண்டு பிரீமியம் நீங்கலாகக் கட்டியதில் 30 சதவிகிதம்; சரண்டர் மதிப்புக் காரணி 45 சதவிகிதம். கிடைக்கக்கூடிய தொகை யாது?

உத்தரவாத மதிப்பு: ஏழு பிரீமியங்கள் ரூ. 17,500, அதில் 30 சதவிகிதம் ரூ. 5,250. அடுத்தது பெயிட்-அப் மதிப்பு, அதாவது இனிப் பிரீமியம் கட்டாமலே காலமுடிவில் கிடைக்கக்கூடிய குறைந்த காப்புத் தொகை. 20-இல் 8 பங்கு வீதம் அது ரூ. 20,000. போனஸ் ரூ. 16,000 சேர்த்து ரூ. 36,000. காரணியால் பெருக்கினால் ரூ. 16,200. இரண்டில் கூடியதாகிய ரூ. 16,200 கொடுக்கப்படும். போனஸையும் 20-இல் 8 பங்காகக் குறைத்து ரூ. 6,400 என்று எழுதும் மாணவர் உண்டு. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட போனஸ் எட்டாண்டுக்கே உரியது. அதை மீண்டும் குறைத்தல் கூடாது. இன்னொரு பிழை, 36,000-ஐ இன்றே கிடைக்கும் தொகை என்று கொள்வது. அது பன்னிரண்டு ஆண்டு கழித்து வரவேண்டிய தொகை; அதை இன்றைய மதிப்பாக மாற்றுவதே காரணியின் வேலை. ஏறக்குறைய 7 சதவிகித வட்டியில் பன்னிரண்டாண்டுக்குரிய ஒரு ரூபாயின் மதிப்பு 0.444. 45 சதவிகிதம் என்ற காரணி ஆகாயத்திலிருந்து குதித்ததன்று என்பது இதனால் விளங்கும்.

முதலாண்டு பிரீமியத்தை விலக்கிவைக்கும் விதியும் அவ்வாறே. முதலாண்டு பிரீமியத்தில் பெரும்பகுதி முதற் செலவுக்கே போய்விடுகிறது என்பதன் முரட்டுத்தனமான, ஆனால் எளிதில் கணக்கிடத்தக்க வடிவம் அது. மேலே கண்ட அட்டவணையில் மூன்றாமாண்டு முடிவில் இவ்விதிப்படி வருவது ரூ. 119.89, உண்மைப் பங்கோ ரூ. 543.35. ஆகவே உத்தரவாத மதிப்பை ஒரு கீழ்வரம்பாக மட்டுமே கொள்ளவேண்டும். காலம் குறைந்த பாலிஸிகளில் அது உண்மைக்கு வெகு தொலைவில் நிற்கும்.

விதிகளும் காலத்தோடு மாறியுள்ளன. பழைய பாடநூல்கள் மூன்றாண்டுப் பிரீமியம் கட்டினாலன்றிச் சரண்டர் மதிப்பு இல்லை என்று கூறும். 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் அவ்வாறே வகுத்திருந்தது. 2019-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் அதை இரண்டாண்டாகக் குறைத்தன. 2024 அக்டோபர் முதல், ஓராண்டு பிரீமியம் முழுதும் கட்டி முதலாண்டு முடிந்தாலே சிறப்புச் சரண்டர் மதிப்பு உண்டு எனவும், அது பெயிட்-அப் பலன்களின் இன்றைய மதிப்பிற்குக் குறையலாகாது எனவும் விதி வந்தது. வினாவில் எந்த ஆண்டின் விதி கொடுக்கப்பட்டுள்ளதோ அதையே பின்பற்றவேண்டும். பாலிஸிதாரருக்குப் பதில் சொல்லும் ஊழியரோ அவருடைய பாலிஸிப் பத்திரத்தில் அச்சிட்ட நிபந்தனையைப் பார்த்தே சொல்லவேண்டும்.

இப்புதிய விதியை அதே உதாரணத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. முதலாண்டு முடிவில் பெயிட்-அப் தொகை ஐந்தில் ஒரு பங்கு, ரூ. 200. அதன் மதிப்பு அதே 5 சதவிகித வட்டியில் ரூ. 165.14. (விதி அனுமதிக்கும் வட்டி அரசாங்கக் கடன் பத்திர வட்டியை ஒட்டியது, அது உயர்ந்தால் இம்மதிப்பு இன்னும் குறையும்.) நிதியில் அவருடைய உண்மைப் பங்கோ ரூ. 138.24. முதலாண்டில் விலகும் ஒவ்வொருவராலும் ரூ. 26.90 பற்றாக்குறை. முன்னே கண்ட 200 பேர் கணக்கைப் போல, இதனைச் சுமப்பவர் எஞ்சியவரோ பங்குதாரரோ ஆவர்.

இதற்கு மாற்று உண்டா? மேற்சுமையை உயர்த்துவது ஒரு வழி. ஆனால் அதனால் தவறாமல் கட்டுபவர் மேலும் கொடுக்க நேரும். இன்னொரு வழி, மொத்தக் கமிஷனை மாற்றாமல் அதன் காலத்தை மட்டும் மாற்றுவது. முதலாண்டு 25 சதவிகிதம், பின்னர் 5 சதவிகிதம் என்பதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் ஒரே சீராக 9.5 சதவிகிதம் கொடுத்தால் கமிஷனின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய அதுவே. அலுவலக பிரீமியமும் ஏறக்குறைய அதே ரூ. 199.82. ஆனால் முதலாண்டுச் செலவு 59.96-இலிருந்து ரூ. 28.98-ஆகக் குறைகிறது. நிதியில் ரூ. 170.84 தங்கி, வட்டி சேர்ந்து, இறந்த 10 பேருக்குக் கொடுத்தபின் எஞ்சும் 990 பேரில் ஆளுக்கு ரூ. 171.09 நிற்கிறது. கொடுக்கவேண்டிய 165.14 அதற்குள் அடங்கிவிடுகிறது. 2024-க்குப்பின் நிறுவனங்கள் சில தங்கள் முதலாண்டுக் கமிஷனைத் திருத்தியமைத்ததன் கணிதம் இதுவே.